பொங்கல் வாழ்த்தில் கூரைக்கு ஒரு வரி

அன்புள்ள அம்மா, வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உள்ள ஒரு தமிழ்வழி அரசுப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு நான் செயலாளர். சென்ற பொங்கலன்று என் கைப்பேசியிலிருந்து 212 பேருக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் வழியாக வாழ்த்து அனுப்பினேன். பள்ளி நூலக அறையின் ஓட்டுக்கூரையை மாற்ற நிதி தேவை என்பதையும் அதிலேயே எழுதியிருந்தேன். அதற்கு முந்தைய ஆண்டு வெறும் வாழ்த்து அனுப்பியபோது 90 பேருக்கு மேல் பதில் வாழ்த்து சொன்னார்கள். சென்ற ஆண்டு 17 பேர்தான். பணம் அனுப்பியவர்கள் நான்கு பேர். என்னோடு படித்த தோழி ஒருத்தி, "பொங்கலன்று கூடவா ரசீதுப் புத்தகம்?" என்று கேட்டுவிட்டாள். இந்தப் பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்ப வேண்டும். கூரையைப் பற்றிச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. பழைய செய்தியை இணைத்திருக்கிறேன். எங்கே தவறினேன், எப்படி எழுதலாம் என்று சொல்லுங்கள்.

— ஒரு வாசகி, சித்தூர் வட்டம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் பணக் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த 90, 17 என்ற இரண்டு எண்கள். பட்டியல் அதேதான், ஆட்களும் அவர்களேதான். ஆனால் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரு பதில் வாழ்த்துகூடச் சொல்லவில்லை. அவர்களுக்கு உங்கள் மீது கோபம் என்று நான் நினைக்கவில்லை. செய்தியைப் படித்தவுடன் "உங்களுக்கும் பொங்கல் வாழ்த்துகள் அக்கா" என்று எழுதத்தான் விரல் போயிருக்கும். கீழே பணம் கேட்டிருக்கிறதே, அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வாழ்த்து மட்டும் சொன்னால் கண்டும் காணாததுபோல் நழுவுவதாக இருக்காதா என்று தோன்றியிருக்கும். பணம் அனுப்பிவிட்டுச் சேர்த்துப் பதில் எழுதலாம் என்று தள்ளிப்போட்டிருப்பார்கள். மாட்டுப்பொங்கல் வந்து போயிருக்கும், மறந்திருப்பார்கள். அதன்பிறகு பதில் எழுதவே கூச்சம்.

இருபது ஆண்டுகளாகப் பள்ளிகளுக்கும் சிறு அறக்கட்டளைகளுக்கும் நிதி வேண்டுகோள் எழுதித் தருவது என் தொழில். பண்டிகைச் செய்தியைக் கையில் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரு ரூபாயும் கொடுக்க எண்ணமில்லாதவர், அல்லது இப்போது முடியாதவர், இதைப் படித்துவிட்டுக் கூச்சமில்லாமல் "வாழ்த்துகள்" என்று பதில் எழுத முடியுமா? முடியும் என்றால் வாழ்த்து பிழைத்தது. முடியாது என்றால் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அது வாழ்த்துப் போர்த்திய வேண்டுகோள்தான்.

இப்போது உங்கள் பழைய செய்திக்கு வருகிறேன்.

"பொங்கலோ பொங்கல்! பானையில் பால் பொங்குவதுபோல் நம் பள்ளி நூலக நிதியும் பொங்கி வழியட்டும்! தாய்ப்பள்ளிக்கு நாம் பட்ட கடனைத் தீர்க்க இந்நன்னாளே தருணம். குறைந்தது ரூ.1,000 வழங்குங்கள். கடைசி நாள் ஜனவரி 31. இணைப்பில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவும்."

கெட்டது கடைசி வரியில் என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு இரண்டாவது வாக்கியத்திலேயே கெட்டுவிட்டது. பால் பொங்குவதை நிதிக்கு உவமையாக்கிவிட்டீர்கள். பொங்கல் பானையைச் சுற்றி வீட்டார் நிற்கும் அந்த ஒரு நிமிடம்தான் பண்டிகையின் உயிர். அதை எடுத்துப் பணத்துக்குக் கொடுத்துவிட்டால், படிப்பவருக்கு வாழ்த்து என்று மிச்சம் எதுவும் இல்லை. வாழ்த்தும் வேண்டுகோளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், ஒன்றை மற்றதாக உருமாற்றினால் பொறுக்க மாட்டார்கள். தீபாவளிக்கு "அறியாமை இருளை நீக்க ஒரு விளக்கு, ஒரு நன்கொடை" என்று எழுதுவதும், ஓணத்துக்கு "மாவேலியைப் போல் வாரி வழங்குங்கள்" என்று எழுதுவதும் இதே பிழைதான். எழுதுபவருக்குப் பொருத்தமான சொல் கிடைத்த மகிழ்ச்சி. பெறுபவருக்கோ தன் பண்டிகையை யாரோ கைமாற்றிவிட்ட உணர்வு.

அடுத்தது "கடன்" என்ற சொல். பள்ளிக்கு நன்றி உள்ளவர்கள் அதைத் தாங்களாகச் சொல்லிக்கொள்ளலாம், நாம் அவர்களைப் பார்த்துச் சொல்லக் கூடாது. உங்கள் பட்டியலில் வேலை போய் வளைகுடாவிலிருந்து திரும்பியவர் இருப்பார், தென்னைக்குத் தண்ணீர் இல்லாமல் கிணற்றை ஆழப்படுத்திக் கடனில் இருப்பவர் இருப்பார். பொங்கல் காலையில் அவர்கள் கண்ணில் கடன் என்ற சொல் பட வேண்டாம். தொகை, கடைசி நாள், க்யூஆர் கோடு மூன்றும் தேவையானவைதான். ஆனால் அவற்றுக்கு இடம் வேறு செய்தி. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த ஆண்டுக்கு நான் எழுதித் தருவது இது. பெயரையும் ஊர் அடையாளங்களையும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

"அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே,

இனிய பொங்கல் வாழ்த்துகள். இந்நேரம் நம் ஊரில் வாசல்தோறும் கோலம் போட்டு முடித்துப் புதுப்பானை அடுப்பில் ஏறியிருக்கும். விடுமுறை கிடைக்காமல் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்த வாழ்த்து வந்து சேரட்டும். நேற்றுப் பள்ளி வழியாக வந்தேன். வாசல் புளியமரம் இந்த ஆண்டும் காய்த்துத் தொங்குகிறது. கல்லெறிந்து அடி வாங்கியவர்களை எல்லாம் நினைத்துக்கொண்டேன். வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.

அன்புடன், (உங்கள் பெயர், படித்து முடித்த ஆண்டு)

பின்குறிப்பு: நூலக அறையின் ஓட்டுக்கூரையை ஏப்ரல் விடுமுறையில் மாற்ற நிதி சேர்க்கிறோம். அதன் விவரம் அடுத்த வாரம் தனியாக வரும். இன்று அதற்குப் பதில் வேண்டாம், உங்கள் வீட்டுப் பொங்கல் எப்படி நடந்தது என்று எழுதுங்கள்."

கையெழுத்து எங்கே விழுகிறது என்று பாருங்கள். வாழ்த்து முடிந்து, பெயர் போட்டு, கடிதம் மூடிவிட்டது. கூரை அதற்கு வெளியே நிற்கிறது. பின்குறிப்பை விரலால் மறைத்துவிட்டுப் படித்தால் வாழ்த்தில் ஒரு குறையும் தெரியக் கூடாது. வாழ்த்தின் நடுவில் "அத்துடன்", "இவ்வேளையில்" என்று ஒரு சொல்லைப் போட்டு நிதியை இணைத்தீர்கள் என்றால் அந்த மூடல் போய்விடும்.

பின்குறிப்பின் மூன்று வாக்கியங்களில் எனக்கு மிகவும் தேவையானது கடைசி வாக்கியம். சென்ற ஆண்டு எழுபது பேரைத் தடுத்த கூச்சத்தை அதுதான் அவிழ்க்கிறது. பணத்தைப் பற்றிப் பேசாமல் வாழ்த்து மட்டும் சொல்லலாம் என்று நீங்களே அனுமதி கொடுத்துவிடுகிறீர்கள். அதே நேரம் "நிதி சேர்க்கிறோம்" என்பதை மழுப்பாமல் சொல்லியிருக்கிறேன். "பள்ளியைப் பற்றி ஒரு நல்ல செய்தி விரைவில்" என்று மறைபொருளாக எழுதச் சிலர் விரும்புவார்கள். அடுத்த வாரம் கணக்கு எண் வரும்போது, அந்த வாழ்த்தே இதற்குப் போட்ட அடித்தளம்தானா என்று படித்தவருக்குத் தோன்றும். பிறகு அடுத்த ஆண்டு வாழ்த்தையும் சந்தேகத்தோடுதான் திறப்பார்.

ஏப்ரல் என்று எழுதுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். கேரளத்தில் ஆண்டுத் தேர்வு மார்ச்சில் முடிகிறது, ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும்போதே தென்மேற்குப் பருவமழையும் வந்துவிடும். ஓடு இறக்கிச் சட்டம் மாற்றிக் கூரை மூட உங்களுக்குக் கிடைப்பது ஏப்ரல், மே இரண்டு மாதங்கள்தான். ஆனால் அது அரசுக் கட்டடம். தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கம், பள்ளிக்குப் பொறுப்பான உள்ளாட்சி அமைப்பு ஆகியோரின் ஒப்புதல் எழுத்தில் கையில் இருந்தால் மட்டும் மாதத்தைக் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் "ஒப்புதல் கிடைத்ததும்" என்று எழுதுங்கள். பண்டிகை நாளில் சொன்ன சொல் மாறினால் மற்ற நாளில் மாறியதைவிட நெடுநாள் நினைவில் நிற்கும்.

இனி, செய்தி கைப்பேசியில் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்காகத் தீபாவளி வாழ்த்து எழுதினேன். நான்கு வரி நல்ல வாழ்த்து, கடைசியில் அடக்கமாக ஒரு இணைய முகவரி. அனுப்பிய பிறகு என் அக்காவின் கைப்பேசியில் அதைப் பார்த்து அதிர்ந்து போனேன். முகவரி இருந்ததால் வாட்ஸ்அப் அந்தப் பக்கத்தின் படத்தையும் தலைப்பையும் பெரிய அட்டையாக்கி வாழ்த்துக்கு மேலே ஒட்டியிருந்தது. விரிசல் விட்ட சுவரின் படம், "நன்கொடை அளியுங்கள்" என்ற தலைப்பு, அதன் கீழே "இனிய தீபாவளி வாழ்த்துகள்". நான் கடைசியில் வைத்ததை அது முதலில் வைத்துவிட்டது. அன்றிலிருந்து பண்டிகைச் செய்தியில் இணைய முகவரி வைப்பதில்லை. எப்போதாவது வைத்தே தீர வேண்டும் என்றால், தட்டச்சு செய்யும்போது பெட்டிக்கு மேலே தோன்றும் அந்த அட்டையைப் பெருக்கல் குறியைத் தொட்டு நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும்.

க்யூஆர் கோட்டுக்கும் இதே கதிதான், கூடவே ஒரு ஆபத்தும் உண்டு. நல்ல வாழ்த்தை மக்கள் அப்படியே பத்துப் பேருக்குத் தள்ளிவிடுவார்கள். அதில் கோடு ஒட்டியிருந்தால் உங்கள் பள்ளியை அறியாதவர்கள் கைக்கெல்லாம் அது போகும். யாராவது படத்தில் வேறு கோட்டை ஒட்டி மறுபடி சுற்றவிட்டால் உங்களுக்குத் தெரியவே வராது. வாழ்த்தில் பணம் போகும் வழி எதுவுமே இல்லாவிட்டால் அது எங்கே போனாலும் கவலை இல்லை.

நீளத்தையும் கவனியுங்கள். பூட்டிய திரையில் வரும் அறிவிப்பில் முதல் ஓரிரு வரிகள்தான் தெரியும். அதனால் விளிக்கும் வரிக்கு அடுத்தே "இனிய பொங்கல் வாழ்த்துகள்" வந்துவிட வேண்டும். செய்தி மிக நீண்டால் வாட்ஸ்அப் அதை மடித்து Read more என்று போட்டுவிடும். பின்குறிப்பு அந்த மடிப்புக்குள் ஒளிந்துகொண்டால், விரித்துப் பார்ப்பவருக்கு மறைத்து வைத்ததுபோல் இருக்கும். அனுப்பும் முன் வீட்டில் வேறொருவர் கைப்பேசிக்கு அனுப்பி, மடியாமல் முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். மடிந்தால் புளியமரத்தை வெட்டுங்கள், பின்குறிப்பின் கடைசி வாக்கியத்தை வெட்டாதீர்கள்.

பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், உங்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். சென்ற ஆண்டுச் செய்தியை அழுத்திப் பிடித்து, அதன் தகவலைத் திறந்து பாருங்கள். யாரைச் சென்றடைந்தது, யார் படித்தார்கள் என்று இரண்டு பட்டியல் வரும். சென்றடையாதவர்கள் பலர் இருந்தால், பொங்கலுக்குப் பத்து நாள் முன்பே ஒவ்வொரு ஆண்டு மாணவர்களிலும் ஒருவரைப் பிடித்து உங்கள் எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். இதையே குழுவில் போட்டுவிடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குழுவில் ஒருவர் "நான் 5,000" என்று எழுதினால் அடுத்தவர் வாயடைத்துப் போவார், அதற்குமேல் அங்கே பொங்கல் இருக்காது. பிராட்காஸ்டில் ஒவ்வொரு பதிலும் உங்களுக்குத் தனியாக வருகிறது.

நேரம்: பாலக்காட்டில் பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை உண்டு, வளைகுடாவில் இல்லை. நம் காலை ஏழு மணி துபாயில் ஐந்தரை, கத்தாரிலும் குவைத்திலும் நாலரை. காலை ஒன்பது மணிக்கு அனுப்பினால் இங்கே பானை இறங்கியிருக்கும், அங்கே எழுந்து வேலைக்குக் கிளம்பும் வேளையாக இருக்கும்.

வருகிற பதில்களுக்கு அன்றே பதில் போடுங்கள், ஒருவர் விடாமல். அந்தப் பதிலில் கூரையைப் பற்றி நீங்களாக எதுவும் எழுத வேண்டாம். "எவ்வளவு வேண்டும் அக்கா, இப்போதே அனுப்புகிறேன்" என்று கேட்பவர்கள் வருவார்கள். அவர்களுக்கும் "இன்று வேண்டாம் தம்பி, அடுத்த வாரம் கணக்கோடு வருகிறேன்" என்றே சொல்லுங்கள். தருபவர்களிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னால் பணம் போய்விடும் என்று பயப்படாதீர்கள். தானாகக் கேட்டவர் பெயரைக் குறித்துக்கொண்டு, விவரம் தயாரானதும் முதலில் அவருக்கு அனுப்பினால் போதும்.

அந்த இரண்டாவது செய்தி காணும் பொங்கல் முடிந்து மூன்று நான்கு நாள் கழித்துப் போகட்டும். அதில் வாழ்த்து ஒரு சொல்லும் வேண்டாம். கொத்தனார் கொடுத்த மதிப்பீடு, இதுவரை கையில் இருப்பது, இன்னும் தேவைப்படுவது, கூரையின் ஒரே ஒரு படம், கணக்கு விவரம், மார்ச் இறுதி என்ற நாள், மிஞ்சினால் என்ன செய்வீர்கள் என்பது. அங்கே "குறைந்தது" என்று தொகை போடாமல், எந்தத் தொகைக்கு எத்தனை ஓடு வரும் என்று எழுதுங்கள். நூறு ரூபாய் கொடுப்பவருக்கும் தன் ஓடு எது என்று தெரியும். கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்ததும் திரையில் உங்கள் சொந்தப் பெயர் வந்தால், உங்களை நன்கு அறிந்தவர்கூட ஒரு கணம் தயங்குவார்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் விஷயத்தில் மட்டும் பொங்கலுக்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டு வளைகுடாவில் சம்பாதிப்பவர் தன் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, தாராளமாக வாங்கலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டு மூலம்தான். அந்தச் சட்டத்தின்கீழ் பதிவோ முன்அனுமதியோ பெற்ற அமைப்புகள்தான் அவரிடம் வாங்கலாம், அதுவும் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள அதற்கான கணக்கில்தான் வர வேண்டும். உங்களைப் போன்ற சிறு சங்கத்துக்கு அந்தப் பதிவு பெரும்பாலும் இருக்காது. ஆகவே அப்படிப்பட்ட நண்பர்களை வேறொரு பட்டியலில் வைத்து, பின்குறிப்பு இல்லாத வாழ்த்தை மட்டும் அனுப்புங்கள். கூரையைப் பற்றி வேறு வழியில் கேள்விப்பட்டு அவர்களே கேட்டால் காரணத்தை நேராகச் சொல்லுங்கள். கேட்டுவிட்டுப் பிறகு வாங்க முடியாது என்று திருப்பி அனுப்புவது அவர்களுக்கும் உங்களுக்கும் சங்கடம்.

மலையாளப் பிரிவில் படித்தவர்களும் உங்கள் பட்டியலில் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு ஓணத்துக்குத் தனியாக வாழ்த்து அனுப்பும் வழக்கம் இருந்தால், ஓணத்திலும் பொங்கலிலும் இரண்டு முறை பின்குறிப்பு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஆண்டில் ஒரு பண்டிகையில்தான் நிதி வர வேண்டும். மற்ற வாழ்த்துகள் வெறும் வாழ்த்தாகவே போகட்டும்.

கடைசியாக அந்தத் தோழி. அவரைப் பிராட்காஸ்டில் இருந்து எடுத்துவிட்டு, பொங்கலன்று காலை அவருக்கு மட்டும் தனியாக எழுதுங்கள். ரசீதுப் புத்தகம் என்று சொன்னதற்கு விளக்கம் வேண்டாம், கூரையும் வேண்டாம். நீங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளில் ஏதாவது ஒன்றை நினைவுபடுத்தி வாழ்த்துச் சொல்லுங்கள்.